ஒருவருக்கு நான்கு பெயர்கள்: காணொளி வருமானம் கைக்கு வராமல் நிற்பது ஏன்?

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதையில் அமைந்துள்ள வத்தேகம நகரிலும், அதனைச் சூழவுள்ள பன்வில, மடுல்கலை போன்ற தோட்டப் பகுதிகளிலும், கைத்தொலைபேசியில் காணொளிகளைப் படமாக்கி யூடியூப் தளத்தில் வெளியிடும் இளைஞர்களும் இல்லத்தரசிகளும் இன்று இருக்கின்றனர். சமையல், தையல், மிளகு கராம்புச் செய்கை, பரீட்சை வழிகாட்டல் என அவர்கள் எடுத்துக்கொள்ளும் விடயங்கள் பல. பார்வையாளர் பெருகி விளம்பர வருமானமும் சேரத் தொடங்கிய பின்னர், அந்தப் பணம் கைக்கு வரவேண்டிய மாதத்தில் கணினித் திரையில் ஒரு சிவப்பு அறிவித்தல் தோன்றுகிறது. `Your payments are currently on hold. Action is required to release payment.` உங்கள் கொடுப்பனவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது; அதனை விடுவிக்க நீங்கள் ஒரு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

இந்த அறிவித்தலைக் கண்டவுடன் பணம் பறிபோய்விட்டது என்று எண்ணிக் கலங்குவோர் உண்டு. இன்னொரு கணக்கைத் திறந்து நிலைமையை மேலும் சிக்கலாக்கிக்கொள்வோரும், 'நான் முடித்துத் தருகிறேன்' என்று சொல்லும் இடைத்தரகரிடம் கடவுச்சொல்லையே ஒப்படைப்போரும் உண்டு. இவை யாவும் தேவையற்றவை. நிறுத்திவைக்கப்பட்ட பணம் கணக்கின் மீதியாக அப்படியே இருக்கும். அடுத்தடுத்த மாத வருமானமும் அதனுடன் சேர்ந்துகொண்டே வரும். தடைக்கான காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே மனிதரின் பெயர் வெவ்வேறு பதிவுகளில் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருப்பதே அது. எமது நாட்டில், அதிலும் தமிழர், முஸ்லிம்கள் மத்தியில், இது ஏன் அடிக்கடி நேர்கிறது என்பதையும், எந்த ஒழுங்கில் அதனைச் சீர்செய்ய வேண்டும் என்பதையும் இங்கு விளக்க முற்படுகின்றோம்.

தடை எந்தப் பக்கத்தில்?

யூடியூப் வருமானம் கூகுள் நிறுவனத்தின் அட்சென்ஸ் கணக்கு வழியாகவே வழங்கப்படுகின்றது. ஒரு மாதத்தின் வருமானம் மறு மாதம் 7ஆம் திகதிக்கும் 12ஆம் திகதிக்கும் இடையில் உறுதிசெய்யப்பட்டு அக்கணக்கின் மீதியில் சேர்க்கப்படும். மீதி 100 அமெரிக்க டொலரை எட்டியிருந்து, 20ஆம் திகதிக்குள் எந்தத் தடையும் இல்லாதிருந்தால், 21ஆம் திகதிக்கும் 26ஆம் திகதிக்கும் இடையில் பணம் அனுப்பப்படும். ஆகவே ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதி நினைவில் வைக்க வேண்டிய நாளாகும். தடையை 19ஆம் திகதி நீக்கியவருக்கு அதே மாதம் பணம் வரும். 22ஆம் திகதி நீக்கியவர் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டும்.

பணம் வராதபோது முதலில் அறிய வேண்டியது, அது கூகுளிடம் நிற்கின்றதா, வங்கியிடம் நிற்கின்றதா என்பதே. அட்சென்ஸ் கணக்கில் `Payments` என்ற பகுதிக்குச் சென்று, கொடுக்கல் வாங்கல் பட்டியலைப் பார்த்தால் இது விளங்கிவிடும். அந்த மாதத்துக்குரிய கொடுப்பனவு வரி பட்டியலில் இல்லாமல் சிவப்பு அறிவித்தல் மாத்திரம் இருந்தால், பணம் இன்னும் புறப்படவே இல்லை. அடையாளம், முகவரி, கொடுப்பனவு முறை ஆகியவற்றில் ஏதோவொன்று நிறைவடையவில்லை என்பதே காரணம். கொடுப்பனவு வரி காணப்பட்டும் வங்கிக் கணக்கில் பணம் சேரவில்லை என்றால், பணம் புறப்பட்டுவிட்டது. வழியிலோ வங்கியிலோ நிற்கின்றது. அந்த வரியை அழுத்தினால் பணம் அனுப்பப்பட்டதற்கான பற்றுச்சீட்டு திறக்கும். அதிலுள்ள திகதி, தொகை, தொடர்பிலக்கம் ஆகியவற்றை அச்சிட்டு வங்கிக் கிளைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். 'கூகுள் பணம் வந்ததா?' என்று வெறுங்கையுடன் கேட்டால் கிளை அலுவலரால் எதையும் தேட முடியாது. தொடர்பிலக்கம் கையிலிருந்தால், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைக் கையாளும் தலைமை அலுவலகப் பிரிவிடம் அவரால் விசாரிக்க முடியும்.

மூன்றாவது நிலையும் ஒன்றுண்டு. வங்கி பணத்தை ஏற்காமல் திருப்பி அனுப்பியிருந்தால், அதே தொகை மீண்டும் அட்சென்ஸ் மீதியில் சேர்ந்து, அதன் பின்னர் தடை அறிவித்தல் தோன்றும். பட்டியலில் ஒரு தொகை வெளியே சென்று திரும்பி வந்திருப்பதைக் கண்டால், அடையாள ஆவணங்களை மீண்டும் மீண்டும் தரவேற்றுவதில் பயனில்லை. திருத்தப்பட வேண்டியது வங்கி விபரமேயாகும்.

பெயர் எவ்வாறு நான்காகின்றது?

விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொண்ட ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். வத்தேகமவில் வசிக்கும் ஓர் இளைஞர். அவரது அடையாள அட்டையில் உள்ள பெயர் `MOHAMED HANIFFA MOHAMED RIZWAN`. வங்கிப் புத்தகத்தில் `M.H.M. RIZWAN` என அச்சிடப்பட்டுள்ளது. மின்னஞ்சல் கணக்கை ஆரம்பித்த நாளில் அவர் `Rizwan Haniffa` என்று எழுதினார். அட்சென்ஸ் கணக்கிலும் அதுவே பதிவாகிவிட்டது. தொழிலுக்காக வளைகுடா நாடொன்றுக்குச் செல்ல எடுத்த கடவுச்சீட்டில் `MOHAMMED` என ஓர் எழுத்து கூடியுள்ளது. ஊரில் அனைவருக்கும் அவர் ரிஸ்வான் ஒருவரே. கணினிக்கோ அவர்கள் நான்கு பேர்.

இந்த இளைஞர் மீது பெரிய தவறு எதுவும் இல்லை. எமது பெயரிடும் மரபும் பதிவு முறையும் சேர்ந்து உருவாக்கிய நிலைமையே இது. தந்தையின் பெயரையும் சில வேளை குடும்பப் பெயரையும் முன்னெழுத்துகளாகச் சுருக்கி எழுதுவது இங்கு வழமை. கையொப்பத்திலும் கடைப் பெயர்ப்பலகையிலும் வங்கிப் புத்தகத்திலும் அந்தச் சுருக்கமே இடம்பெறுகின்றது. மேலைநாட்டு முறைப்படி பெயரின் இறுதிச் சொல் குடும்பப் பெயராகக் கருதப்படுகின்றது. எமக்கோ இறுதிச் சொல் பெரும்பாலும் சொந்தப் பெயராகும். ஆகவே படிவத்தில் பெயரை முன்பின்னாக மாற்றி எழுதிவிடுகின்றோம்.

எழுத்துக்கூட்டலும் ஒரு காரணமாகும். தமிழில் பாத்திமா என்பது ஒன்றே. ஆங்கிலத்தில் அது `Fathima` எனவும் `Fatima` எனவும் `Fathuma` எனவும் எழுதப்படுகின்றது. தோட்டப் பகுதிகளில் லெட்சுமி என்ற பெயர் பிறப்பைப் பதிந்தவரின் கைக்கேற்ப `Letchumy`, `Letchimi`, `Lakshmi` எனப் பலவாறாக மாறியிருப்பதைக் காணலாம். அத்துடன், பழைய அடையாள அட்டைகளில் ஆங்கில எழுத்தே இல்லை. அத்தகைய அட்டையுடையவர் தமது பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வோரிடத்திலும் தாமாகவே எழுத்துக்கூட்டி வந்திருப்பார். திருமணத்தின் பின்னர் கணவரின் பெயரை வங்கியில் சேர்த்துக்கொண்டு, அடையாள அட்டையை மாற்றாதிருக்கும் பெண்களின் நிலையும் இதுவே.

முதலில் ஓர் ஆவணம்

சீர்செய்யும் வேலையைக் கணினியில் ஆரம்பிக்கக் கூடாது. வீட்டு அலுமாரியில் ஆரம்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம் ஆகிய அனைத்தையும் மேசைமீது வைத்து, ஒரு தாளில் ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். அவற்றுள் ஒன்றை மூல ஆவணமாகத் தெரிவுசெய்து, ஏனைய யாவற்றையும் அதற்கு ஒத்ததாக மாற்றுவதே முறை.

எந்த ஆவணத்தைத் தெரிவுசெய்வது? முழுப் பெயரும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், காலாவதியாகாதிருக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழுடன் முரண்படாதிருக்க வேண்டும். செல்லுபடியான கடவுச்சீட்டு இருப்பவருக்கு அது இலகுவானது. இல்லாதவர் 2017 ஒக்டோபர் முதல் ஆட்பதிவுத் திணைக்களம் வழங்கிவரும் புதிய வகைத் தேசிய அடையாள அட்டையைப் பெற்றுக்கொள்வது நல்லது. விண்ணப்பம் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குச் செல்லும். எமது உதாரணத்திலுள்ள இளைஞரின் கடவுச்சீட்டில் ஓர் எழுத்து கூடியிருப்பதால், புதிய அடையாள அட்டையையே அவர் மூல ஆவணமாகக் கொள்ள வேண்டும். எந்தெந்த ஆவணங்கள் ஏற்கப்படும் என்ற பட்டியல் உறுதிப்படுத்தும் திரையிலேயே காட்டப்படும். தெரிவுசெய்த ஆவணம் அதில் உள்ளதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கு பலர் தவறாக எண்ணும் ஒரு விடயத்தைக் குறிப்பிட வேண்டியுள்ளது. 'மேற்படி இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்' என்று சமாதான நீதவான் முன்னிலையில் முடிக்கும் சத்தியக் கடதாசி, உள்நாட்டு வங்கியிலோ பிரதேச செயலகத்திலோ பயன்படலாம். கூகுளின் அடையாளச் சோதனையில் அது அடையாள ஆவணமாகாது. புகைப்படத்துடன் கூடிய அரச ஆவணத்தின் பெயரையும் கணக்கிலுள்ள பெயரையுமே அங்கு ஒப்பிடுகின்றார்கள். எனவே சத்தியக் கடதாசி வங்கிப் பெயரைத் திருத்துவதற்கான கருவி மாத்திரமே.

வங்கியில் செய்ய வேண்டியது

வங்கித் திருத்தத்துக்கு நாள் எடுக்கும் என்பதால் அதனை முதலில் தொடங்க வேண்டும். வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்துகளுடன் சுருக்கப் பெயர் இருந்தாலும், கணக்கு ஆரம்பித்த விண்ணப்பத்தில் முழுப் பெயர் பதிவாகியிருக்கக்கூடும். ஆகவே கிளையில் இரு கேள்விகளைக் கேட்க வேண்டும். எனது வாடிக்கையாளர் பதிவில் முழுப் பெயர் எவ்வாறு உள்ளது? வெளிநாட்டுப் பணம் வரும்போது அதிலுள்ள பெயரை நீங்கள் எந்தப் பெயருடன் ஒப்பிடுகின்றீர்கள்? முழுப் பெயர் சரியாக இருந்தால், அதனைக் கணக்கின் பெயராகவும் மாற்றித் தருமாறு எழுத்தில் கோரலாம். மூல ஆவணத்தின் பிரதியையும், தேவையெனில் சத்தியக் கடதாசியையும் இணைக்க வேண்டும். மாற்றம் முடிந்ததும், முழுப் பெயர், கணக்கிலக்கம், ஸ்விஃப்ட் குறியீடு ஆகிய மூன்றும் அடங்கிய உறுதிப்படுத்தல் கடிதமொன்றைக் கேட்டுப் பெற வேண்டும். பின்னர் கணினியில் நிரப்பும்போது அந்தக் கடிதத்தைப் பார்த்தே நிரப்ப வேண்டும்.

பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையைக் காட்டிக் கணக்கைத் திறந்தவர்கள், புதிய பன்னிரண்டு இலக்க எண்ணையும் அதே வருகையில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒரே எண்ணின் இரு வடிவங்களே. உதாரணமாக `852365678V` என்பது புதிய முறையில் `198523605678` ஆகும். பிறந்த ஆண்டு நான்கு இலக்கமாகின்றது. தொடரெண்ணின் முன் ஒரு பூச்சியம் சேர்கின்றது. இறுதி எழுத்து நீங்குகின்றது. வங்கிப் பதிவில் பழைய எண்ணும் கையில் புதிய அட்டையும் இருந்தால், பணத்தை விடுவிக்கும் வேளையில் அலுவலர் தயங்க இடமுண்டு.

ஸ்விஃப்ட் குறியீட்டிலும் தவறு நேர்வதுண்டு. உள்நாட்டுப் பணமாற்றத்துக்குப் பயன்படும் வங்கி இலக்கமும் கிளை இலக்கமும் ஸ்விஃப்ட் குறியீடு அல்ல. இலங்கை வங்கியின் உள்நாட்டு இலக்கம் 7010. அதன் ஸ்விஃப்ட் குறியீடோ `BCEYLKLX`. முதல் நான்கு எழுத்துகள் வங்கியையும், அடுத்த இரண்டு எழுத்துகள் நாட்டையும், இறுதி இரண்டும் இடத்தையும் குறிக்கும். ஐந்தாம் ஆறாம் எழுத்துகள் `LK` என இல்லாவிட்டால், எழுதிய குறியீடு இலங்கை வங்கிக் கிளை எதற்கும் உரியதல்ல என்பதை உடனே அறிந்துகொள்ளலாம்.

கணக்கில் செய்ய வேண்டியது

மூல ஆவணமும் வங்கிக் கடிதமும் கைக்கு வந்த பின்னரே அட்சென்ஸ் கணக்கைத் திறக்க வேண்டும். `Payments` பகுதியில் `Payments info` என்பதற்குள் உள்ள அமைப்புகளில் பெயரும் முகவரியும் காணப்படும். அங்குள்ள பென்சில் குறியை அழுத்தி, மூல ஆவணத்தில் உள்ளவாறே முழுப் பெயரை எழுத வேண்டும். சொற்களின் ஒழுங்கையும் மாற்றக் கூடாது. காணொளித் தளத்தின் பெயரையோ கடையின் பெயரையோ அங்கு இடக் கூடாது. எமது உதாரண இளைஞர் `Rizwan Haniffa` என்பதை நீக்கி, அடையாள அட்டையிலுள்ள நான்கு சொற்களையும் எழுதுவார்.

கணக்கு தனிநபருக்குரியதா, வணிக நிறுவனத்துக்குரியதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம். பெருமைக்காக நிறுவனம் எனத் தெரிவுசெய்தவர்கள், பதிவுசெய்த நிறுவனம் எதுவும் இல்லாவிடின், உறுதிப்படுத்தலில் தேறமாட்டார்கள். கணக்கின் வகையையும் நாட்டையும் பின்னர் மாற்ற முடியாது. பழைய கணக்கை முறைப்படி மூடிவிட்டுப் புதியதைத் திறப்பதே வழி. மூடாமல் இன்னொன்றைத் திறந்தால், ஒருவருக்கு ஒரு கணக்கே என்ற விதிப்படி புதியது நிராகரிக்கப்படும். யூடியூப் தளத்துடன் இணைந்துள்ள அட்சென்ஸ் கணக்கை ஒருமுறை மாற்றினால், மீண்டும் மாற்ற 32 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்பதும் குறிப்பிடத்தக்கது.

பெயரைத் திருத்திய பின்னர் `Verification check` என்ற பக்கத்தில் அடையாள ஆவணத்தைத் தரவேற்ற வேண்டும். அட்டை முழுவதும், நான்கு மூலைகளும் தெரிய, பகல் வெளிச்சத்தில், மின்விளக்கின் பிரதிபலிப்பு இன்றி வண்ணப் படம் எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் போட்டோப் பிரதியைப் படமெடுத்து அனுப்பக் கூடாது. முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்புண்டு. எனவே பெயரைத் திருத்தாமல் ஆவணத்தை அனுப்பி, மறுக்கப்பட்டு, அதே ஆவணத்தை மீண்டும் அனுப்புவது முயற்சிகளை வீணாக்குவதாகும்.

இறுதியாக வங்கி விபரம். புதிய கம்பிவழிப் பணமாற்ற விபரத்தைச் சேர்க்கும் படிவத்தில், வங்கிக் கணக்கின் பெயருக்கென ஒரு கூடம் தனியாக உண்டு. அங்கு வங்கிக் கடிதத்திலுள்ள பெயரையே இட வேண்டும். வங்கி முழுப் பெயராக மாற்றித் தந்திருந்தால் எல்லா இடத்திலும் ஒரே பெயர் வந்துவிடும். கணக்கிலக்கத்தை இடைவெளியும் கோடும் இல்லாமல், முன்னால் பூச்சியம் இருந்தால் அதனையும் சேர்த்து எழுத வேண்டும். புதிய விபரத்தைச் சேமித்ததுடன் வேலை முடிந்துவிடாது. அதனைப் பிரதான கொடுப்பனவு முறையாகக் குறிக்க மறந்தால், அடுத்த பணமும் பழைய விபரத்துக்கே சென்று திரும்பும்.

தந்தையின் அல்லது நண்பரின் வங்கிக் கணக்கைத் தற்காலிகமாகப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கின்றனர். கணக்கு ஒருவர் பெயரிலும் வங்கி இன்னொருவர் பெயரிலும் இருப்பது, நாம் இங்கு தீர்க்க முயலும் முரண்பாட்டையே வேண்டுமென்று உண்டாக்குவதாகும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் காணொளித் தளத்துக்கு வருமானம் வருமாயின், அட்சென்ஸ் கணக்கு, அடையாள ஆவணம், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் பெற்றோரில் ஒருவரின் பெயரிலேயே அமைய வேண்டும். பாதி பிள்ளையின் பெயரிலும் பாதி வாப்பாவின் பெயரிலும் இருந்தால் பணம் வராது.

அமெரிக்க வரிப் படிவமும் ஒரு பதிவாகும். 2021 முதல் யூடியூப் வழியாக வருமானம் பெறுவோர் யாவரும் அதனை நிரப்ப வேண்டியுள்ளது. தனிநபர்கள் நிரப்புவது W-8BEN என்ற படிவம். பெயரைத் திருத்தியவர் இந்தப் படிவத்தையும் திருத்திய பெயரில் மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். வரி விபரம் எதுவும் கொடுக்காதவரின் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடித்துவைக்கப்படலாம். படிவம் உரியவாறு இருப்பின், அமெரிக்காவிலுள்ள பார்வையாளர்களால் கிடைத்த பகுதிக்கு மாத்திரமே வரி பிடிக்கப்படும்.

தோட்டத்துக்கு வராத கடிதம்

அடையாளத்துக்கு அடுத்து வருவது முகவரி. மீதி 10 டொலரை எட்டியதும், பதிவிலுள்ள முகவரிக்கு ஆறு இலக்கங்கள் கொண்ட இரகசிய எண் ஒன்று சாதாரண தபாலில் அனுப்பப்படும். அடையாளம் உறுதிப்படுத்தக் கேட்கப்பட்டவர்களுக்கு, அது முடிந்த பின்னரே இக்கடிதம் புறப்படும். வந்து சேர இரண்டு முதல் நான்கு வாரங்களாகும். முதல் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் எண்ணை உள்ளிடாவிட்டால் விளம்பரங்கள் நிறுத்தப்படும். எண்ணை மூன்று முறை தவறாக உள்ளிட்டாலும் அதே கதிதான்.

வத்தேகம நகரில் வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் உள்ளவருக்கு, 20810 என்ற தபால் குறியீட்டையும் சேர்த்து எழுதினால் கடிதம் வருவதில் பெரிய சிரமம் இராது. தோட்ட லயன்களில் வசிப்போரின் நிலை வேறு. தனித்தனி வீட்டு முகவரி இல்லாத குடும்பங்களின் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே செல்வதும், அங்கிருந்து உரியவரின் கைக்கு வரத் தாமதிப்பதும், சில வேளை வராமலே போவதும் மலையகத்தில் நெடுங்கால முறைப்பாடு. நேர்முகத் தேர்வுக் கடிதங்கள் பிந்திக் கிடைத்து வேலைவாய்ப்பை இழந்த இளைஞர்களை மலையகம் அறியும். அதே குறை இன்று இந்த ஆறு இலக்கங்களின் வடிவில் வந்து நிற்கின்றது.

இதற்குச் செய்யக்கூடியது யாது? லயன் இலக்கம், பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, தபாலகம் என அனைத்தையும் ஆங்கிலத்தில் முகவரி வரிகளில் எழுத வேண்டும். கடிதம் அனுப்பப்பட்டதாகத் திரை காட்டும் நாளிலேயே தபாலகத்திலும் தோட்ட அலுவலகத்திலும் சொல்லி வைக்க வேண்டும். தபாலட்டை அளவிலான சிறிய உறை என்பதால் அது ஏனைய கடிதங்களுக்கிடையில் எளிதில் மறைந்துவிடும். நகரிலுள்ள கடையொன்றின் முகவரியைக் கொடுப்போரும் உண்டு. கடிதம் வந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் பின்னர் முகவரிக்கு ஆவணச் சான்று கேட்கப்பட்டால், அந்தக் கடையின் முகவரி அவரது எந்த ஆவணத்திலும் இராது. ஆகவே சொந்த முகவரியே பாதுகாப்பானது. மூன்று வாரங்களில் கடிதம் வராவிட்டால் மறு கடிதம் கோரலாம். முதல் கடிதத்துடன் சேர்த்து மொத்தம் நான்கு கடிதங்கள் வரை கிடைக்கும். நான்கும் வராதவருக்கு, அரச ஆவணத்தைத் தரவேற்றி முகவரியை உறுதிப்படுத்தும் வழி உண்டு. அந்த ஆவணத்திலுள்ள முகவரி கணக்கிலுள்ள முகவரியுடன் பொருந்த வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கேட்கும் நாள்களைக் கணக்கிட்டால், நான்கு மாத எல்லைக்குள் நான்கு கடிதங்களையும் கோருவதற்கு முதல் மூன்று வாரம் முடிந்தவுடனேயே செயற்பட வேண்டியிருக்கும்.

ஒரு கணக்கைத் தீர்த்துப் பார்ப்போம்

எமது உதாரண இளைஞரிடம் திரும்புவோம். மாதத்தின் 1ஆம் திகதி அவரது மீதி 143 டொலர். சிவப்பு அறிவித்தல் உள்ளது. கொடுப்பனவு வரி எதுவும் இல்லை. ஆகவே தடை கூகுளின் பக்கத்தில் உள்ளது என்பதை அறிகின்றார். 2ஆம் திகதி வங்கிக்குச் சென்று பெயர் மாற்றக் கோரிக்கையைக் கொடுக்கின்றார். அதே நாள் மாலை அட்சென்ஸ் பெயரை அடையாள அட்டைக்கு ஏற்பத் திருத்தி, அதன் பின்னரே அட்டையைத் தரவேற்றுகின்றார். அடையாளம் ஏற்கப்பட்டதும் இரகசிய எண்ணுக்கான கடிதம் புறப்படுகின்றது. இந்த மாதம் 20ஆம் திகதிக்குள் கடிதம் வராது. எனவே இம்மாதப் பணத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் வங்கிக் கடிதம் கிடைக்கின்றது. கொடுப்பனவு முறையைச் சேர்த்துப் பிரதானமாகக் குறிக்கின்றார். வரிப் படிவத்தை முழுப் பெயரில் மீண்டும் சமர்ப்பிக்கின்றார். மறு மாதம் முதல் வாரத்தில் கடிதம் வருகின்றது, எண்ணை உள்ளிடுகின்றார், அறிவித்தல் மறைகின்றது. அந்த மாதம் 21ஆம் திகதிக்குப் பின்னர் 143 டொலரும், இடையில் சேர்ந்த தொகையும் ஒன்றாகப் புறப்படுகின்றன. வங்கிகள் தமது கட்டணத்தைக் கழித்துக்கொள்வதால் கைக்கு வரும் தொகை சற்றுக் குறையலாம். ஏறக்குறைய ஏழு வாரங்கள். அவசரப்பட்டு இன்னொரு கணக்கைத் திறந்திருந்தால் இந்த ஏழு வாரத்தில் முடியாது.

ஆவணத்தில் ஓர் எழுத்தைக் கணினியில் மாற்றி அனுப்பினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று கூறுவோரும் இருக்கின்றனர். அது போலி ஆவணமாகும். பிடிபட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். அரச அடையாள அட்டையைத் திரிபுபடுத்துவது நாட்டுச் சட்டப்படியும் குற்றமாகும். உண்மையான பெயரை உடைய ஒருவர், பொய்யான ஆவணத்தால் அதனை நிரூபிக்க முற்படுவது எவ்வளவு பேதைமை!

தனிமனிதரின் கவனத்தால் மட்டும் இக்குறை முற்றாக நீங்காது என்பதையும் கூற வேண்டியுள்ளது. வங்கிகள் கணக்குப் புத்தகத்தில் முன்னெழுத்துகளுடன் முழுப் பெயரையும் அச்சிட்டுக் கொடுத்தால், பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். பிறப்பைப் பதியும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பெற்றோரிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளும் வழக்கம் பரவ வேண்டும். தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டிலக்கத்துடன் கூடிய முகவரியும், வாசலுக்கு வரும் தபாலும் கிடைக்க வேண்டும். இவை சலுகைகள் அல்ல. ஏனைய பிரஜைகள் கேளாமலே பெற்றிருப்பவை. அதுவரை, பிள்ளைக்குப் பெயர் பதியச் செல்லும் தாய் தந்தையர், உத்தியோகத்தர் எழுதும் ஆங்கில எழுத்துகளை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். இருபது ஆண்டுகளின் பின்னர் அந்தப் பிள்ளையின் உழைப்பு, ஓர் எழுத்துக்காகக் காத்து நிற்காதிருக்க அது உதவும்.